ஐந்து புடவைத் துரியோதனன்

கனம் என்ற சொல்லை அந்த அம்மா வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. சிமெண்டு மூட்டையை இறக்கும்போதும் கேட்டதில்லை. கரும்புக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் வரப்பில் நடந்து வரும்போதும் கேட்டதில்லை. "எப்பிடிம்மா தூக்குற?" என்று கேட்டால், "தலைல வெச்சா அதுவே நிக்குது" என்பார். அவ்வளவுதான் பதில்.

பெயரைச் சொல்ல மாட்டேன். எழுதப் போகிறேன் என்று போனில் சொன்னதற்கு, "எழுதிக்கோ, பேர் மட்டும் போட்ட, வந்து ஒதைப்பன்" என்றார். ஒதைக்கக் கூடியவர்தான்.

நான் ஒரு கூத்து ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், வேஷம் கட்டிவிடுகிறவன். ஆடுவதில்லை, பாடுவதில்லை. ஆடுகிறவர்களின் முகத்தில் வண்ணம் பூசி, கட்டை கட்டி அனுப்புவது என் வேலை. கட்டை என்றதும் விறகுக் கட்டை என்று நினைக்கிற ஆட்கள் இப்போது நிறைய வருகிறார்கள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேஷம் கட்டுகிற கொட்டாய்க்குள் தலையை நீட்டுகிறார்கள். ஒருவன் கிரீடத்தைத் தட்டிப் பார்த்து, பிளாஸ்டிக்கா என்று கேட்டான். அவன் கையைத் தட்டிவிட்டேன். பிளாஸ்டிக் இல்லை. கல்யாண முருங்கை மரம். அறுத்து, நிழலில் காயவைத்து, குடைந்து, செதுக்கி, அதன் மேல் வண்ணத் தாளும் ஜிகினாவும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியது. மரங்களிலேயே அதுதான் லேசு. லேசான மரம்தானே என்று எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தால் தெரியும். ஒரு முழத்துக்கும் மேலே உயரம். விடிய விடியத் தலையில் நிற்க வேண்டும். நிற்பது மட்டுமில்லை, சுழல வேண்டும். ராஜா வேஷக்காரன் வட்டம் போட்டுக்கொண்டே பம்பரம் போலச் சுழல்வதற்குக் கிறிக்கி என்று பெயர். அந்த நேரம் கிரீடம் ஒரு பக்கம் போகப் பார்க்கும், கழுத்து இன்னொரு பக்கம் போகப் பார்க்கும்.

ராஜாவுக்குக் கிரீடம், இரண்டு தோளிலும் இறக்கை மாதிரி விரிகிற புஜக்கட்டை, காதை மூடும் காதுக்கட்டை, நெஞ்சில் மார்ப்பதக்கம். இவ்வளவும் மரம். இவற்றைக் கட்டுகிற வேஷம்தான் கட்டை வேஷம். துரியோதனன், கர்ணன், அர்ச்சுனன் போன்றவர்களுக்கு இது உண்டு. கோமாளியான கட்டியங்காரனுக்கு ஒரு கூம்புக் குல்லாய், முடிந்தது. திரௌபதிக்குப் புடவையும் கூந்தலும்.

அந்த அம்மா எங்கள் ஜமாவுக்கு வந்தது திரௌபதி வேஷத்துக்கு. மணலூர்பேட்டைப் பக்கத்து ஊர். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. கரும்பு வெட்டு, நடவு, கட்டட வேலை என்று எது கிடைக்கிறதோ அதற்குப் போகிறவர். கோயிலில் பாடிய குரலைக் கேட்டு எங்கள் வாத்தியார் கூப்பிட்டார். வாத்தியார்தான் ஜமாவை நடத்துகிறவர், எங்கள் துரியோதனனும் அவர்தான். பொம்பளை வேஷத்துக்குப் பொம்பளை வருவது இப்போது பெரிய அதிசயமில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் திரௌபதி கட்டினார். அந்த இரண்டு வருஷமும் அவர் கண் என் கை மேலேயே இருந்தது. நான் வாத்தியாருக்குக் கட்டை கட்டும்போது, தன் ஒப்பனையை முடித்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்துகொள்வார். நாடாவை எங்கே கொண்டுபோகிறேன், எந்த முடிச்சை எதன் மேல் போடுகிறேன் என்று பார்ப்பார். எனக்கு எரிச்சல் வரும். "இன்னாம்மா பாக்கற?" என்றால், "சொமைய எப்பிடி ஏத்தறன்னு பாக்கறன்" என்பார். ஒருநாள் நேராகவே கேட்டார், துரியோதனனைத் தனக்குக் கட்டிவிட முடியுமா என்று.

கொட்டாய் முழுக்கச் சிரித்தது. பொம்பளை கழுத்து கிரீடத்தைத் தாங்காது என்று வீமன் வேஷக்காரர் சொன்னார். இந்த மனுஷன் உளுந்தூர்பேட்டையில் லாரிக்குச் சுமை ஏற்றுகிறவர், நல்ல ஆட்டக்காரர், வாய்தான் முந்தும். அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ முதுவுல தூக்கற. நான் தலைல தூக்கறன். கிரீடத்த எங்கண்ணா வெப்பாங்க, முதுவுலயா?"

சிரிப்பு திசை மாறியது. வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டைப் படி, பார்க்கலாம் என்றார். அவர் கழுத்து அப்போதே அவருக்குச் சொல்ல ஆரம்பித்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் கிரீடம் தாங்கிய கழுத்து. பிறகு ஒருநாள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு தேய்ந்திருக்கிறது, தலையில் இனி எதையும் வைக்கக் கூடாது என்று கழுத்தைச் சுற்றிப் பட்டை மாட்டி அனுப்பிவிட்டார்கள்.

முதல் முறை அந்த அம்மாவுக்கு நான் கட்டை கட்டியது கல்வராயன் மலையில். மேலே ஒரு ஊரில் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் கூத்துப் பார்த்தது கிடையாது. சாயங்காலத்துக்குள் ஜீப் கீழே இறங்கிவிட வேண்டும் என்பதால் பகலிலேயே ஆட்டம், ஒரே ஒரு கட்டம். கூட்டமும் புதுசு, ஆளும் புதுசு, தப்பினாலும் தெரியாது என்று வாத்தியார் கணக்குப் போட்டார்.

கிரீடம் கட்டும்போதுதான் சண்டை வந்தது. வழக்கமாக நான் பழைய பருத்தித் துணியை ஈரமாக்கி, புருவத்துக்கு மேலிருந்து பிடரி வரைக்கும் தலையை இறுக்கிச் சுற்றுவேன். அதன் மேல் கிரீடம் உட்காரும். இரண்டு பக்க நாடாவும் பின்னால் போய்ப் பிடரிக் குழியில் முடிச்சாகும். அந்தக் குழிதான் பூட்டு. அங்கே முடிச்சு உட்கார்ந்தால் கிரீடம் எங்கேயும் போகாது. அந்த அம்மாவோ ஒரு துணியைத் திருகி வட்டமாக்கிச் சும்மாடு கொண்டுவந்திருந்தார். அதை உச்சியில் வைத்து அதன் மேல் கிரீடத்தை வை என்றார். இத்தனை வருஷம் எல்லாச் சுமையும் அதன் மேல்தான் நின்றதாம். போதாதற்குப் பிடரியில் இவ்வளவு பெரிய கொண்டை. முடிச்சு உட்காரக் குழியே இல்லை.

சொன்னேன். சுமை தூக்கும்போது கழுத்து ஆடாது, கூத்தில் ஆடும், இரண்டும் ஒன்றில்லை என்று சொன்னேன். கேட்கவில்லை. சரி, பட்டால்தான் தெரியும் என்று கட்டிவிட்டேன்.

திரைக்குப் பின்னாலிருந்து கிரீடத்தின் உச்சி தெரிந்ததுமே மலைக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். எங்கள் திரை என்பது இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு துணி. ராஜா அதற்குப் பின்னால் நின்று தன் விருத்தத்தைப் பாட வேண்டும். முதலில் கிரீடம் மட்டும் தெரியும், பிறகு கண், பிறகு முகம், அதற்கப்புறம்தான் திரை விலகும். குரல் கணீரென்று வந்தது. நடை வந்தது. மத்தளம் வேகமெடுத்தது. கிறிக்கி ஆரம்பித்து நாலாவது சுற்றில் கிரீடம் சரிந்து, காதில் மோதி, தரையில் உருண்டது.

கூட்டம் கைதட்டியது. அவர்களுக்கு அதுவும் கதை. துரியோதனன் கிரீடத்தைக் கழற்றி வீசுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். கட்டியங்காரன் ஓடிப்போய் எடுத்து, "ராஜா, நாடுதான் கைய வுட்டுப் போவுதுன்னு பாத்தா, முடியும் இல்ல போவுது" என்று சமாளித்தான். கூட்டம் இன்னும் தட்டியது.

அந்த அம்மா சிரிக்கவில்லை, அழவுமில்லை. கீழே இறங்கும் வழியெல்லாம் ஜீப்பில் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு அதன் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டே வந்தார். கொண்டையை வெட்டிவிடு, ஆண்கள் தலை மாதிரி ஆகிவிடும், எல்லாம் சரியாகும் என்று வாத்தியார் சொன்னார். "திரௌபதிக்கு விரிச்சிப் போடறதும் இதே முடிதான் வாத்தியாரே. ஒன்னுக்காவ இன்னொன்ன வெட்ட முடியாது" என்றார். மலை அடிவாரம் வரும்போது என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, முடியவே சும்மாடாக்கினா?"

மறுநாள் அவர் வீட்டில் உட்கார்ந்து செய்து பார்த்தோம். முடியை நனைத்து, இரண்டு பின்னல் போட்டு, பின்னலை உச்சியில் தட்டையாக வட்டம் சுற்றி, கொண்டை ஊசி குத்தி, அதன் மேல் ஈரத் துணியை இறுக்கினேன். பிடரி காலியாகிவிட்டது. முடிச்சு குழியில் போய் உட்கார்ந்தது. முடி கிரீடத்தின் உள்விளிம்பைப் பற்றிக்கொண்டது. எத்தனை ஆண்களுக்கு அந்த விளிம்பு அறுத்து நெற்றி புண்ணாகி நான் மஞ்சள் போட்டிருக்கிறேன். இவருக்கு அந்தப் புண்ணே வரவில்லை. வீட்டு வாசலில் மூச்சு வாங்கும் வரைக்கும் சுற்றினார். கிரீடம் தலையில் முளைத்த மாதிரி நின்றது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னாடி, பேய் புடிச்சிக்கிச்சா?" என்றாள். "இல்லடி, ராஜா புடிச்சிக்கினாரு" என்றார் இவர், நிற்காமலே.

அவருக்குத் தோள் குறுகல். புஜக்கட்டை முன்னால் நழுவி வந்து காதுக்கட்டையை இடிக்கும். தோளில் துணி மடிப்பு வைத்து, நாடாவை முதுகில் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கே இழுத்துக் கட்டினேன். அதிலிருந்து ஒரு நாடாவை மேலே கொண்டுபோய்க் கிரீடத்தின் பின்பக்கத்தோடு முடிந்தேன். குனிந்தாலும் முன்னால் விழாது. இப்போது மற்ற ராஜாக்களுக்கும் அப்படித்தான் கட்டுகிறேன்.

இந்தக் கட்டு பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் பிந்தி நடந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபத்தில் ஏதோ விழா. வரவேற்புக்கு வேஷத்தோடு ஆள் வேண்டும் என்றார்கள். வாசலில் நின்று, வருகிறவர்களைக் கைகூப்பிக் கும்பிட வேண்டுமாம், துரியோதனன். அந்த அம்மா முழு வேஷத்தில் வாசலில் நின்றார். கும்பிடவில்லை. ஏற்பாடு செய்த பையன் வந்து கெஞ்சினான். "கைய முன்ன கொண்டாந்தா புஜக்கட்டை காதுல இடிக்கும்பா" என்றார். அது நிஜம்தான். அவன் போன பிறகு என்னிடம், "இடிக்கலன்னாலும் கும்புட மாட்டன்" என்றார்.

இனி படுகளத்துக்கு வருகிறேன். இவ்வளவும் சொன்னது அதற்காகத்தான்.

திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து பல நாள் ராத்திரி நடக்கும். கடைசிச் சண்டை மட்டும் காலை வெளிச்சத்தில். அதுதான் படுகளம். ஏரி மண்ணைக் கொட்டி, தரையில் படுத்திருக்கிற மாதிரித் துரியோதனனைப் பெரிதாக வடித்து வைத்திருப்பார்கள். அதைச் சுற்றித்தான் வீமனும் துரியோதனனும் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு சண்டை போடுவார்கள். முடிவில் வீமன் தொடையில் அடிப்பான். துரியோதனன் விழுவான். அதன் பிறகுதான் திரௌபதி கூந்தலை முடிவாள், சாயங்காலம் ஊர் தீ மிதிக்கும். துரியோதனன் விழாமல் ஊரில் ஒன்றும் நடக்காது.

அந்த அம்மாவின் சொந்த ஊரில் எங்கள் ஜமாதான் வழக்கமாக ஆடுகிறது. வாத்தியார் கழுத்தில் பட்டை. படுகளத்துக்கு அந்த அம்மாதான் துரியோதனன் என்று சொன்னோம். ஊரே கொதித்தது. தர்மகர்த்தா கோயில் முன்னால் ஆட்களைக் கூட்டினார். இவருடைய கரும்பைத்தான் அந்த அம்மா வெட்டுகிறார், தினமும் அவர் வரப்பில்தான் நடக்கிறார். பொம்பளை துரியோதனனாகி விழுந்தால் ஊருக்கு ஆகாது என்றார். மலையில் கிரீடம் விழுந்ததாமே, களத்தில் சாவதற்கு முன்னாடியே கிரீடம் விழுந்தால் என்ன ஆகும் என்றார். அந்தச் செய்தி எப்படிக் கீழே வந்ததோ தெரியாது, பேசிக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒன்று வாத்தியார் கட்ட வேண்டும், இல்லை வேறு ஜமாவைக் கூப்பிடுவார்கள். வேறு ஜமா ஒரு வருஷம் நுழைந்தால் அந்த ஊர் எங்களுக்கு முடிந்தது.

வாத்தியார் பட்டையை அவிழ்க்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கழுத்தில் கிரீடத்தைக் கட்ட மாட்டேன் என்றேன். பெரிய வாக்குவாதம். கடைசியில் ஒரு யோசனை வந்தது. அந்த அம்மா கட்டட்டும், வெளியே சொல்ல வேண்டாம், பாட்டை வாத்தியார் மத்தளக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்து பாடட்டும். கட்டை கட்டி முகம் பூசினால் எந்தக் கண்ணுக்குத் தெரியும் என்றார்கள்.

வீமன் வேஷக்காரருக்கு வேறு கவலை. பொம்பளை தொடையில், ஊர் பார்க்க, எப்படி அடிப்பேன் என்றார். நிஜமாகவே முகம் வாடியிருந்தது.

அந்த அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். வீமனிடம், "அஞ்சு பொடவைக்கு உள்ளாற இருக்கற தொட உனுக்கு எங்கண்ணா தெரியப்போவுது? நீ துரியோதனன அடி. நான் அங்க இருக்க மாட்டன்" என்றார். வாத்தியாரிடம், ஒளிந்துகொண்டு கட்ட மாட்டேன் என்றார். நேராகக் கோயிலுக்குப் போனார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

தர்மகர்த்தாவுக்கு எதிரில் போய் நின்றார். சத்தம் போடவில்லை.

"ஐயா, காலைல கொட்டாய்ல படுதா கட்ட வேணாம். தெறந்த வெளியில கட்டிக்கறன். எல்லாரும் பாத்துக்கினே இருங்க. கட்டி முடிச்சி எழுந்து நிப்பன். அப்பவும் உங்க கண்ணுக்குக் கரும்பு வெட்டறவதான் தெரியறான்னா, அவுத்து வெச்சிட்டு வூட்டுக்குப் போயிடறன்."

வேஷம் கட்டுவதை ஊர் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். படுதா அதற்குத்தான். அது உடைகிறதே என்று எனக்குக் கோபம். கூட்டத்தில் ஒருவன் வேறு ஒன்று கேட்டான், ஆம்பளை இவள் மேல் கைவைத்துக் கட்டுவானா என்று. அவனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்னால் போனேன். அந்த அம்மா முந்திக்கொண்டார். "கரும்புக் கட்டத் தூக்கி என் தலைல ஏத்தறது யாரு? நீதான. அப்ப இந்த ரோசம் எங்க போயிருந்துது?" அவன் பின்வரிசைக்குப் போய்விட்டான். தர்மகர்த்தா தலையை ஆட்டினார். எப்படியும் தோற்கப் போகிறாள் என்ற நினைப்பு அவருக்கு.

காலையில் கோயிலுக்குப் பக்கத்துப் புளிய மரத்தடியில் பாயை விரித்தேன். கட்டைகள் இருக்கும் ஜமாப் பெட்டியைத் திறந்து கற்பூரம் காட்டினோம். ஊரே சுற்றி நின்றது. கூத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எது முதல், எது கடைசி என்று கேட்பார்கள். அன்று அந்த ஊரும் முதல் முறையாகத்தான் பார்த்தது, சொல்கிறேன்.

முதலில் முகம். முத்துவெள்ளை என்கிற வெள்ளைப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அடிப்பூச்சு. அதன் மேல் சிவப்பு. எங்கள் ஜமாவில் துரியோதனனுக்குச் சிவப்பு, கண்ணனுக்குப் பச்சை. முகத்தைப் பார்த்தே யார் என்று தெரிய வேண்டும். சிவப்பு ஏறினதும் கன்னம் போனது, வாய் ஓரத்துச் சுருக்கம் போனது. கறுப்பு மையால் புருவத்தை நெற்றி வரைக்கும் தூக்கினேன். காதை நோக்கி வளைகிற மீசை. பிறகு ஈர்க்குச்சியை வெள்ளையில் தொட்டுப் புருவத்தை ஒட்டி, கன்னத்தில், மூக்கின் இரண்டு பக்கமும் புள்ளி. விளக்கு வெளிச்சத்தில் முகம் தூரத்துக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அந்தப் புள்ளி. பகலில் அது கிட்டத்தில் நிற்பவனைப் பயமுறுத்தும். மேலே பவுடரை ஒற்றி எடுத்தேன், வியர்வைக்குக் கரையாமல் இருக்க. கூட்டத்தில் பேச்சு இருந்தது. "மீச நல்லாதான்டி கீது" என்று ஒரு பொம்பளை சொன்னாள், நாலு பேர் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்க முடியாது. சிரித்தால் பூச்சு வெடிக்கும்.

அடுத்து கால். சலங்கைப் பட்டையைக் கணுக்காலில் இறுக்கினேன். சலங்கை கட்டினதும் காலை வேறு மாதிரி வைத்தார். அப்புறம் இடுப்பு. இதைத்தான் புதியவர்கள் துணிப் பை என்று நினைக்கிறார்கள். பருத்திப் புடவை ஒன்றை நீளமாக மடித்து இடுப்பைச் சுற்றிக் கயிற்றால் கட்டுவோம். அதன் மேல் இன்னொன்று, இன்னொன்று. அன்று ஐந்து. ஐந்தும் அந்த அம்மாவின் வேலைக்குக் கட்டுகிற புடவைகள், கரும்புச் சோகை கிழித்த கிழிசல் தெரிந்தது. இடுப்பு குடம் போல் பெருத்ததும், அதன் மேல் ராஜாவின் மடிப்புப் பாவாடை. சுற்றும்போது குடையாக விரிவது உள்ளே இருக்கிற அந்தப் புடவைகளால்தான்.

முழுக்கைச் சட்டை. மார்ப்பதக்கம் வைத்தேன், அதன் முன் நாடாவை அவரே கட்டிக்கொண்டார், முதுகு முடிச்சு மட்டும் நான் போட்டேன். புஜக்கட்டை ஏறியது. தோள் இரண்டு மடங்கானது. காதுக்கட்டை. முன்பக்கம் தொங்கல் துணி. இப்போது கூட்டத்தில் பேச்சு குறைந்துவிட்டது. மர நெஞ்சு, மரத் தோள், சிவப்பு முகம். கரும்பு வெட்டுகிற கை மட்டும் மிச்சம். அதிலும் வளையக் கட்டையை மாட்டினேன்.

கடைசியாகக் கிரீடம். பின்னலைச் சுற்றி ஈரத் துணியை முன்பே இறுக்கியிருந்தேன். கிரீடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வைத்தேன். நாடாவைப் பின்னால் இழுத்து, பிடரிக் குழியில் கை முட்டியை அழுத்தி முடிச்சைப் போட்டேன். இந்த முடிச்சு அவிழ்ந்தால் அந்த அம்மா ஊரில் தலை நிமிர முடியாது. நாங்களும் இந்த ஊருக்குள் வர முடியாது. முதுகு நாடாவோடு சேர்த்து இரண்டாவது முடிச்சையும் போட்டேன். "இறுக்கு" என்றார். இறுக்கினேன். "இன்னும்" என்றார்.

கிரீடம் கட்டின பிறகு நாங்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். ஒதுங்கி நின்றேன்.

எழுந்தார். சலங்கை ஒரே ஒரு முறை பேசியது. தலையை மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் திருப்பினார், அவசரமே இல்லாமல், தன் ஆட்களை எண்ணுகிற மாதிரி. கண்ணாடிச் சில்லில் வெயில் பட்டு எதிரில் நின்றவர்களின் முகத்தில் அடித்தது. முன்வரிசையில் இருந்த பொம்பளைகள் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். மீசையைப் பார்த்துச் சிரித்தவளும் இழுத்துக்கொண்டாள். யாரும் சொல்லாமல் களத்துக்கு வழி திறந்தது. அந்த வழியில் நின்றுகொண்டிருந்தவர் தர்மகர்த்தா மட்டும்தான்.

துரியோதனன் அவரை நோக்கி நடந்தான். நிற்கவில்லை. தர்மகர்த்தா கடைசி நேரத்தில் ஒதுங்கினார். தோளில் இருந்த துண்டு எப்போது கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது.

"நேரமாவுது. தெரையப் புடிங்கப்பா" என்றார் தர்மகர்த்தா.

அவ்வளவுதான் அனுமதி. போதும்.

களத்தில் நடந்ததைக் கொஞ்சமாகச் சொல்கிறேன். கிறிக்கியில் கிரீடம் அசையவில்லை. நான் எண்ணவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், மத்தளக்காரர் சொன்னார். மண் துரியோதனனைச் சுற்றி ஓடினார்கள், மோதினார்கள். தொடையில் அடிக்கும் நேரம் வந்தது. வீமன் கதையைத் தூக்கினார், தரையில் அடித்தார். மறுபடி தூக்கி, பாவாடை ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் தட்டினார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அடி விழாமல் துரியோதனன் விழ முடியாது, விழுந்தால் அது பொய்.

துரியோதனன் களத்தின் நடுவில் நின்று உரக்கக் கேட்டான்.

"வீமா, ஒரு வண்டி சோறு துன்றவனாமே நீ. இன்னிக்கு இன்னா, பட்டினியா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. வீமனுக்கு ரோஷம் ஏறியது. அந்த அடி மத்தளத்தைத் தாண்டிக் கேட்டது. ஐந்து புடவையும் அடியை வாங்கிக்கொண்டன. துரியோதனன் மரம் சாய்கிற மாதிரி விழுந்தான். விழுந்தும் கிரீடம் தலையிலேயே இருந்தது. குலவைச் சத்தம் எழுந்தது. திரௌபதி கட்டியிருந்த ஆள் வந்து கூந்தலை முடிந்தான்.

புளிய மரத்தடியில் வேஷத்தை அவிழ்த்தேன். அவிழ்க்கும்போது கிரீடம்தான் முதலில். பின்னல் அவிழ்ந்து, முடி நனைந்து முதுகில் விழுந்தது. தேங்காய் எண்ணெய் போட்டு முகத்தைத் துடைத்ததும் கரும்பு வெட்டுகிறவர் திரும்ப வந்துவிட்டார். நெற்றியில் ஒரு சிவந்த கோடு மட்டும். ஊர்க்காரர்கள் வந்து வந்து பார்த்தார்கள்.

படுகளம் முடிந்ததும் துரியோதனனுக்கு ஊர் சார்பில் புது வேட்டி கொடுப்பது அங்கே வழக்கம். தர்மகர்த்தா வேட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். வந்த பிறகுதான் யோசித்தார் போலிருக்கிறது. பொம்பளைக்கு வேட்டியா? கொடுக்காமல் போவதா? தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். யாரும் அவருக்கு உதவவில்லை. நானும் உதவவில்லை.

"குடுங்கய்யா" என்றார் அந்த அம்மா. "சும்மாட்டுக்கு ஆவும்."

வேட்டியை எடுத்து அங்கேயே உதறினார். திருகினார். வட்டமாகச் சுற்றித் தலையில் வைத்தார். கட்டைகள் எல்லாம் உள்ளே போய்ப் பெட்டி மூடியிருந்தது. கிரீடங்கள், புஜங்கள், பதக்கங்கள், சலங்கைகள், ஜமாவின் எல்லா ராஜாக்களும் அதற்குள். வழக்கமாக இரண்டு ஆண்கள் முனகிக்கொண்டே வண்டிக்குத் தூக்குவார்கள். அந்த அம்மா பெட்டிக்கு முன்னால் குந்தி, ஏற்றிவிடு என்று எனக்குக் கண் காட்டினார். ஒரு பக்கம் நான் பிடித்தேன். இன்னொரு பக்கத்துக்கு ஆள் வேண்டும். சுற்றிலும் இளவட்டங்கள் இருந்தார்கள். அந்த அம்மா அவர்களில் யாரையும் பார்க்கவில்லை.

"ஐயா, ஒரு கை" என்றார்.

தர்மகர்த்தா தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து பிடித்தார். தூக்கும்போது அவர் வாயிலிருந்து தானாக வந்தது, "இன்னா கனம்."

பெட்டி சும்மாட்டில் உட்கார்ந்தது. அந்த அம்மா எழுந்தார். கழுத்து அசையவில்லை.

"தலைல வெச்சா அதுவே நிக்குதுங்கய்யா" என்று சொல்லிவிட்டு, வண்டியைப் பார்த்து நடந்தார்.

இப்போது அவர் எங்களோடு இல்லை. சங்கராபுரம் பக்கம் சொந்தமாக ஜமா வைத்திருக்கிறார். சொந்தப் பெட்டி. கட்டை கட்ட என்னைக் கூப்பிட்டார், வாத்தியாரை விட்டு வர முடியாது என்றேன். திட்டினார். வேஷம் கட்ட ஒரு ஆளைப் பழக்கிவிட்டாராம், முடிச்சை என்னைவிட இறுக்கமாகப் போடுகிறானாம். பொய். போய்ப் பார்க்கத்தான் போகிறேன்.